‘இஹ் ஹைஸெ’ சொன்ன பிறகு என்ன? ஒரு ஜெர்மன் அறிமுகப் பயிற்சி, நிகழ்வு ஆய்வு

என் அக்கா மகள் மதுரையில் நர்ஸ். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று ஜெர்மன் படிக்க ஆரம்பித்தாள். நர்ஸாக அங்கே முழுப் பதிவு பெற பொதுவாக பி2 வரை படிக்க வேண்டும், இவள் இருந்தது முதல் படியான ஏ1-ல். நான் பல வருடங்களுக்கு முன் ஜெர்மன் படித்து, கொஞ்ச காலம் ஜெர்மன்காரர்களோடு வேலையும் பார்த்தவள். அதனால் பேச்சுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, “சித்தி, அறிமுகம் மட்டும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறீங்களா, எனக்கு மனப்பாடமா வரும்” என்று போன் செய்தாள். அந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்ததை, பலித்ததும் பலிக்காததுமாக, இங்கே எழுதி வைக்கிறேன். அவள் பெயரை வெளியிட வேண்டாம் என்பதால் விஜயா என்றும், அவள் அப்பா பெயர் செல்வராஜ் என்றும் வைத்துக்கொள்வோம். இந்தப் பெயர்களில் உள்ள எழுத்துகள் பின்னால் தேவைப்படும்.

முதலில் தேர்வு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 பேச்சுத் தேர்வு நாலு பேர் வரை ஒரு குழுவாக உட்கார்ந்து, சுமார் 15 நிமிடம் நடக்கும். முதல் பகுதியே சுய அறிமுகம்தான். பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்று ஏழு சொற்கள் எழுதிய அட்டை ஒன்று முன்னால் இருக்கும், அதைப் பார்த்துப் பேச வேண்டும். பேசி முடித்ததும் தேர்வாளர் இரண்டு விஷயம் கேட்பார்: ஏதாவது ஒன்றை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வார் (பெயர், ஊர் மாதிரி), அப்புறம் ஒரு எண் கேட்பார் (போன் நம்பர், பின்கோடு மாதிரி). அவ்வளவுதான்.

முதல் நாள் அவள் போனில் சொன்னதை நான் பதிவு செய்துகொண்டேன். வணக்கத்தில் தொடங்கிப் பொழுதுபோக்கு சமையல் என்பது வரை 40 நொடிக்குள் தடங்கல் இல்லாமல் ஓடியது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்து, இரண்டாவது தடவை சொல்லும்போது “மதுரையில் வசிக்கிறேன்” என்ற இடத்தில் நிறுத்தி, “பூஹ்ஷ்டபீரென் ஸீ, பிட்டெ” என்றேன், அதாவது எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். அமைதி. பதிவில் பார்த்தால் 11 நொடி. அப்புறம் அவள் என்ன செய்தாள் தெரியுமா, மறுபடி முதலிலிருந்து “கூட்டென் டாக், இஹ் ஹைஸெ விஜயா” என்று ஆரம்பித்தாள், அதாவது வணக்கம், என் பெயர் விஜயா.

இந்த 11 நொடியையும் திரும்ப ஆரம்பித்ததையும் வைத்துத்தான் மூன்று வாரத்தையும் திட்டமிட்டேன். அவளுக்கு ஏழு வாக்கியம் தெரியாது, ஒரே ஒரு நீள வாக்கியம்தான் தெரியும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பித்துத்தானே வருவார்கள், அந்த மாதிரி. உங்கள் மனப்பாடமும் இப்படித்தானா என்று பார்ப்பது சுலபம். யாரையாவது உங்களை நடுவில் நிறுத்தி, ஏற்கெனவே சொன்ன ஒன்றைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். பின்னோக்கிப் போய் ஆரம்பித்தால் வாக்கியங்களை ஒன்றாகக் கட்டியிருக்கும் கயிறு இன்னும் அறுபடவில்லை என்று அர்த்தம்.

கயிற்றை அறுத்தது

பழைய தினக்காலண்டர் தாளை ஏழு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதச் சொன்னேன். குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும், எடுத்ததற்கு மட்டும் ஒரு வாக்கியம், உடனே நிறுத்த வேண்டும். ‘மொழி’ வந்தால் “இஹ் ஷ்ப்ரெஹெ டமில் உன்ட் எங்லிஷ்”, அவ்வளவுதான், அடுத்ததுக்கு ஓடக் கூடாது. இரண்டு நாள் இது அவளுக்குக் கஷ்டமாகவே இருந்தது, நாக்கு தானாக அடுத்த வாக்கியத்துக்குப் போகும். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

நாலாம் நாளிலிருந்து ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் “உன்ட் ஸீ?” (நீங்கள்?) என்று திருப்பிக் கேட்கச் சொன்னேன். இது மரியாதைக்காக மட்டும் இல்லை. திருப்பிக் கேட்டால் எதிராளி பேசுவார், அவர் பேசும்போது உங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், அதோடு உங்கள் வாக்கியத்தை அவர் எப்படிச் சொல்கிறார் என்று காதில் விழும். நலம் விசாரித்தால் மட்டும் வடிவம் மாறும்: “கூட், டாங்கெ. உன்ட் ஈனென்?” விஜயா இதை மாதக்கணக்கில் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறாள், ஆனால் நான் “வீ கேட் எஸ் ஈனென்?” என்று கேட்டபோது “கூட்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். நம் ஊரில் யாராவது “நல்லா இருக்கீங்களா?” என்றால் “நல்லா இருக்கேன், நீங்க?” என்று கேட்காமல் விடுவோமா? தெரியாத மொழியில் பேசும்போது தனக்கு இருக்கிற பழக்கமே மறந்து போகிறது, அதனால் அதையும் வாயில் போட்டுப் பழக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டுதல்: இங்கேதான் அதிக நேரம் போனது

எழுத்துக்கூட்டச் சொல்வது தேர்வுக்காக மட்டும் வைத்த பயிற்சி என்று அவள் நினைத்திருந்தாள். இல்லை. ஜெர்மன்காரர்களே தினமும் போனில் தங்கள் பெயரை எழுத்துக்கூட்டுவார்கள். மையர் என்ற குடும்பப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்கு ஒன்றுதான், எழுத்தில் நாலு விதம் உண்டு: Meyer, Meier, Maier, Mayer. அவர்கள் கதியே அது என்றால், நம் பெயர் அங்கே யாருக்கும் கேட்டவுடன் எழுத வராது. ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சாவி, அடையாள அட்டை, கம்ப்யூட்டர் கணக்கு என்று மூன்று இடத்தில் பெயரை எழுத்துக்கூட்ட வேண்டி வரும்.

நமக்கு இதில் சிக்கல் ஆங்கிலத்தால் வருகிறது. ரோமன் எழுத்தைப் பார்த்ததும் வாய் ஆங்கிலப் பெயரைச் சொல்லும். ஆங்கிலத்தில் A என்பதை ‘ஏ’ என்போம், ஜெர்மனில் ‘ஏ’ என்றால் அது E. ஆங்கிலத்தில் E என்பது ‘ஈ’, ஜெர்மனில் ‘ஈ’ என்றால் I. அதாவது நீங்கள் ஒன்று சொல்ல, எதிராளி அடுத்த எழுத்தை எழுதுவார், இரண்டு பேருக்குமே தவறு நடந்தது தெரியாது. விஜயா முதல் தடவை மதுரையை எழுத்துக்கூட்டியபோது அவள் சொன்னதை ஜெர்மன் காதோடு கேட்டு நான் எழுதியது ‘Meduri’ மாதிரி ஏதோ ஒன்றாக இருந்தது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது, தமிழ் பேசுகிறவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிற வழி. ஜெர்மனில் A, E, I, O, U ஐந்தின் பெயர்கள் நம்முடைய ஆ, ஏ, ஈ, ஓ, ஊ-தான். அப்படியே நம் நெடில்கள். ஆங்கிலத்தை மறந்துவிட்டு, இரண்டாம் வகுப்பில் உயிரெழுத்து சொன்ன மாதிரி சொல் என்றேன். அரை மணி நேரத்தில் ஐந்தும் சரியாகிவிட்டது. ஒரு வாரமாக அட்டவணை பார்த்துப் படித்தும் வராதது.

மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை தொல்லை தராது, நாலைந்துதான் கவிழ்க்கும். V என்பது ‘ஃபவ்’, W என்பது ‘வே’, J என்பது ‘யொட்’, Y என்பது ‘யுப்ஸிலொன்’, Z என்பது ‘ட்ஸெட்’. தமிழ்ப் பெயர்களில் V, J, Y மூன்றும் எவ்வளவு வரும் என்று யோசித்துப் பாருங்கள். விஜயா: ஃபவ், ஈ, யொட், ஆ, யுப்ஸிலொன், ஆ. ஆறு எழுத்தில் மூன்று கண்ணிவெடி. செல்வராஜ்: எஸ், ஏ, எல், ஃபவ், ஆ, எர், ஆ, யொட். எல்லா எழுத்தையும் வரிசையாகப் படிக்காமல், தன் பெயர், அப்பா பெயர், ஊர், தெருப் பெயர் இவற்றில் வருகிற எழுத்துகளை மட்டும் முதலில் படித்தாள். அப்புறம் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை முணுமுணுத்தே மற்றதும் வந்துவிட்டது.

சரியாகச் சொல்கிறோமா என்பதை நாமே முடிவு செய்யக் கூடாது என்று ஒரு விதி வைத்தேன். அவள் போனில் சொல்வாள், நான் முன்கூட்டி எதுவும் தெரிந்துகொள்ளாமல் காதில் விழுந்ததை மட்டும் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவேன். தாளில் இருப்பது சரியென்றால்தான் சரி. மதுரை பக்கத்து ஊர்கள், சொந்தக்காரர் பெயர்கள், என்று தினம் ஐந்து. தொடங்கிய நாளில் ஐந்தில் ஒன்றுதான் முழுசாகச் சரியாக வந்தது. பத்தாம் நாள், பதினொன்றாம் நாள், இரண்டிலும் ஐந்துக்கு ஐந்து. கூட உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் குரலைப் பதிவு செய்துவிட்டு, மறுநாள் காலையில் கேட்டு எழுதிப் பார்க்கலாம். அன்றைக்கே கேட்டால் என்ன சொல்ல நினைத்தோம் என்பது நினைவில் இருக்கும், காது பொய் சொல்லும்.

எண்களில் போன் நம்பர் பரவாயில்லை, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிவிடலாம். ட்ஸ்வை (இரண்டு), ட்ரை (மூன்று) இரண்டும் போனில் குழம்பும் என்பதால் அவர்கள் இரண்டை ‘ட்ஸ்வோ’ என்றும் சொல்வார்கள், அதையும் காதுக்குப் பழக்கினோம். வயதுதான் சிரமம். ஜெர்மனில் 26 என்பது ‘ஆறும் இருபதும்’ என்ற வரிசையில் வரும்: ஸெக்ஸ்-உன்ட்-ட்ஸ்வான்ட்ஸிஹ். அவள் சொல்லும்போது சரியாகச் சொல்வாள், கேட்கும்போது 62 என்று எழுதுவாள். சொல்லும் பயிற்சியால் கேட்கும் திறமை வராது என்பதை இதில்தான் பார்த்தேன், நான் எண் சொல்ல அவள் எழுத என்று தனியாக ஒரு வாரம் செய்ய வேண்டியிருந்தது.

தன் பெயருக்கே திரும்பாத பெண்

இன்னொரு விஷயம் நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒத்திகைக்காக நான் வார்டு மேற்பார்வையாளர் மாதிரி நடித்து, “ஃப்ராவ் செல்வராஜ்?” என்று கூப்பிட்டேன், அதாவது செல்வராஜ் அம்மா என்பது மாதிரி. பதிலே இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டதும், “அப்பாவையா கேக்குறீங்க சித்தி?” என்றாள்.

நமக்கு இனிஷியல்தான் பழக்கம், குடும்பப் பெயர் பழக்கமில்லை. அங்கே ஃபோர்நாமெ (சொந்தப் பெயர்), நாஹ்நாமெ (குடும்பப் பெயர்) என்று இரண்டு கட்டம் இருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால் நோயாளிகளும் அலுவலகமும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அதனால் பெயரை இரண்டாகச் சொல்லப் பழகினாள்: “மைன் ஃபோர்நாமெ இஸ்ட் விஜயா, மைன் நாஹ்நாமெ இஸ்ட் செல்வராஜ்.” இதோடு, வீட்டில் எல்லோரும் இரண்டு நாள் அவளை ஃப்ராவ் செல்வராஜ் என்று கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. அக்கா முதலில் மறுத்துவிட்டு அப்புறம் எல்லோரையும் விட அதிகமாகக் கூப்பிட்டாளாம். எழுத்தை மட்டும் பார்த்து வாசிக்கும் ஜெர்மன்காரர் J-ஐ ‘ய’ என்றும், V-ஐ சில சமயம் ‘ஃப’ என்றும் வாசிப்பார், ‘செல்ஃபராய்’ என்று கூப்பிட்டாலும் திரும்ப வேண்டும். அதையும் சேர்த்தே பழகினோம்.

வாய், ஆனால் கொஞ்சம்தான்

உச்சரிப்பில் நான் இரண்டே இரண்டு விஷயத்தைத்தான் பிடித்தேன். ஒன்று, வல்லெழுத்தில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் நாம் தானாகச் சேர்க்கும் உகரம். ‘டாக்’ என்பது ‘டாக்கு’ ஆகும், ‘உன்ட்’ என்பது ‘உன்ட்டு’ ஆகும். தமிழில் பாட்டு, நாக்கு, காசு என்று குற்றியலுகரத்தில் முடித்தே பழகிய வாய். காதால் இதைப் பிடிப்பது கஷ்டம், கையால் பிடிக்கலாம். மேசையில் அசைக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். “கூட்டென் டாக்” மூன்று தட்டு: கூ, டென், டாக். நாலாவது தட்டு வந்தால் உகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விஜயாவுக்கு முதலில் நாலு தட்டு வந்தது, தட்டிப் பார்த்த பிறகுதான் அவளே நம்பினாள். முதல் ‘கூ’ நெடில் என்பதையும் இதிலேயே சரி செய்தோம், பலர் ‘குட்டன்’ என்று குறிலாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாவது ‘இஹ்’, நான் என்ற சொல். ‘ஈ’ என்று இழுத்துக்கொண்டே குரலை நிறுத்திவிட்டு நாக்கை நகர்த்தாமல் காற்றை மட்டும் விட்டால் அந்த ஒலி வரும். இதற்கு ஒரு நாளைக்கு மேல் செலவழிக்கவில்லை. பெர்லின் பக்கம் ‘இக்’ என்பார்கள், ரைன் நதிப் பக்கம் ‘இஷ்’ மாதிரி வரும், ஆகவே அது கொஞ்சம் பிசகினாலும் யாருக்கும் அர்த்தம் தப்பாது. எழுத்தின் பெயரும் எண்ணும் பிசகினால்தான் உண்மையாகவே தப்பும். நேரம் குறைவாக இருக்கும்போது எதை விடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம் வாரம்: நிஜ ஆள்

கடைசி வாரத்தில் முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு ஜெர்மன் அம்மாவை வீடியோவில் பேச வைத்தேன். அவரிடம் நான் எந்தக் கேள்வியும் எழுதிக் கொடுக்கவில்லை. விஜயா வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மா, “ஆஹ், இண்டியென்! வோ டென் டா?” என்றார். இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். பாடப்புத்தகத்தில் இருப்பது “வோஹேர் கொம்மென் ஸீ?” என்ற முழுக் கேள்வி, நிஜத்தில் வந்தது மூன்று துண்டுச் சொல். இந்த இடத்தில் விஜயா திகைத்தாள், ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. “வீ பிட்டெ?” என்றாள், அதாவது என்ன சொன்னீர்கள். அந்த அம்மா நிதானமாகத் திரும்பக் கேட்டார், இவள் “இம் ஸ்யூடென்” (தெற்கில்) என்று சொல்லிவிட்டாள். திகைப்பு மூன்று நொடிதான்.

‘வீ பிட்டெ?’ என்பதை ஏழு வாக்கியத்துக்கும் முன்னால் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. “லாங்ஸாம், பிட்டெ” (மெதுவாக) என்பதும் அதோடு. நான் இரண்டாம் வாரக் கடைசியில்தான் சொல்லிக் கொடுத்தேன், தாமதம்.

அந்த அழைப்பிலிருந்து ஏழு துண்டுக்கும் பின்பக்கத்தில், அதைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று எழுதினோம். ஊருக்குப் பின்னால் ‘எங்கே இருக்கிறது?’, மொழிக்குப் பின்னால் ‘தமிழ் என்றால் ஹிந்தியா?’. இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும், அந்த அம்மாவும் கேட்டார். “நைன், டமில் இஸ்ட் ஐனெ ஆண்டெரெ ஷ்ப்ராஹெ” (இல்லை, தமிழ் வேறு மொழி) என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்துக்கொண்டாள். தொழிலுக்குப் பின்னால் நாங்கள் சேர்த்தது வேறு மாதிரி: பழைய புத்தகங்களில் நர்ஸுக்கு ‘க்ராங்கென்ஷ்வெஸ்டர்’ என்று இருக்கும், 2020-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி பயிற்சி முடித்தவர்களின் பட்டம் ‘ப்ஃப்லேகெஃபாஹ்ஃப்ராவ்’. வாயில் நுழையாத சொல்தான். பழையதைச் சொன்னாலும் எல்லோருக்கும் புரியும், புதியதைக் கேட்டால் அது தன் வேலைதான் என்று அவளுக்குப் புரிய வேண்டும்.

வணக்கச் சொற்களிலும் இப்படித்தான், சொல்ல ஒன்று, கேட்டால் புரிய நாலு என்று வைத்தோம். சொல்ல: கூட்டென் மோர்கென், கூட்டென் டாக், கூட்டென் ஆபெண்ட் என்று பொழுதுக்கு ஏற்ப. புரிய: வடக்கே எந்த நேரமும் ‘மொய்ன்’, பவேரியா பக்கம் ‘க்ரூஸ் கொட்’, ‘ஸெர்வுஸ்’, மதிய நேரத்தில் வேலையிடத் தாழ்வாரங்களில் ‘மால்ட்ஸைட்’. இந்தக் கடைசிச் சொல்லுக்கு ‘சாப்பாட்டு வேளை’ என்று பொருள், நம்முடைய ‘சாப்பிட்டாச்சா?’ மாதிரி வணக்கமாகவே ஆகிவிட்டது. எது வந்தாலும் அதையே திருப்பிச் சொன்னால் போதும். ‘கூட்டெ நாஹ்ட்’ மட்டும் வணக்கம் இல்லை, தூங்கப் போகும்போது சொல்வது. இரவுப் பணிக்கு வார்டுக்குள் நுழையும் நர்ஸ் அதைச் சொல்லக் கூடாது, கூட்டென் ஆபெண்ட்தான்.

என்ன ஆனது

தேர்வில் அவளைப் போன் நம்பர் சொல்லச் சொன்னார்கள், குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். இரண்டும் தடங்கல் இல்லாமல் போனது, பாஸ் செய்துவிட்டாள். இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பேச்சுத் தேர்விலேயே அறிமுகப் பகுதிக்குத்தான் மதிப்பெண் குறைவு, அவள் பாஸானதற்கு மற்றப் பகுதிகளில் அவளே படித்ததுதான் காரணம். இந்த மூன்று வாரப் பயிற்சியால் வந்தது என்று நான் துணிந்து சொல்வது, முதல் நாள் 11 நொடி நின்றவள் கடைசியில் மூன்று நொடியில் கேள்வியைத் திருப்பிக் கேட்டாள் என்பது மட்டும்தான். அவளுக்குச் சொந்தத்திலேயே மொழி தெரிந்த ஆள் இருந்தது ஒரு வசதி, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாகாதவையும் உண்டு. ‘ஸ்யூடென்’ என்பதில் வருகிற ü ஒலி, உதட்டை ஊ மாதிரி குவித்து நாக்கை ஈ-யில் வைக்க வேண்டிய ஒலி, அவளுக்கு இன்னும் ‘யு’ என்றே வருகிறது. வேகமாகச் சொல்லும் இரட்டை இலக்க எண்களில் இன்னும் தடுமாறுகிறாள்.

இப்போது ஏ2 படிக்கிறாள், பயிற்சியைத் தலைகீழாக்கிவிட்டோம். அந்த ஜெர்மன் அம்மா ஞாயிற்றுக்கிழமை பத்துப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறார், விஜயா எழுதி அனுப்புகிறாள். போன வாரம் பத்தில் ஏழு சரி. தப்பான மூன்றில் ஒன்று மையர், ‘ஏ-யுப்ஸிலொன்’ என்று அவர் தெளிவாகச் சொல்லியும் இவள் ‘ay’ என்று எழுதியிருந்தாள். ஆங்கில ஏ இன்னும் முழுசாகப் போகவில்லை.